வரைபடத்தில் ஓர் ஏரி

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பதினோராம் வகுப்பு மாணவச் செல்வங்களுக்கும்,

மழைக்காலந்தோறும் பள்ளி மைதானத்தில் நீர் தேங்குவதால் மண் கொட்டி அதனை மேடாக்க எண்ணியுள்ளதாக எழுதியிருந்தீர்கள். மண் வண்டிகள் வருமுன் ஒரு பழைய வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். அதன் படியொன்றை இத்துடன் அனுப்பியுள்ளேன்.

இது ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் அளவில் அமைந்த நில அளவைப் படம். இதில் மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீலநிறப் பரப்பு ஒன்று நீண்டு கிடக்கிறது. அதுவே மாம்பலம் நீளேரி. ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுடைய அவ்வேரி, இப்படத்தில் ஒன்பதரை சென்டிமீட்டராகத் தெரியும். 1920களில் நீர் வடிக்கப்பட்டு, தியாகராய நகர் உருவாயிற்று. எஞ்சிய பகுதியும் பின்னர் வறண்டது. அங்கே 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. டேங்க் பண்டு சாலை, லேக் வியூ சாலை என்னும் பெயர்கள் மட்டும் ஏரியை இன்னும் விடவில்லை.

ஏரியைப் படத்தில் அறிவது எளிது. கோயில் குளத்திற்கு நான்கு புறமும் கரை உண்டு. ஏரிக்குத் தாழ்ந்த பக்கம் மட்டுமே கரை. நம் பகுதியில் நிலம் கடலை நோக்கிக் கிழக்கே சரிவதால், கரையும் பெரும்பாலும் கிழக்கிலேயே அமையும். மேற்கே நீர் வந்து சேரும் பக்கம் திறந்திருக்கும். கரைக்குக் கீழே மதகு, வாய்க்கால், அப்பால் நன்செய் என்பதே வரிசை. நன்செய் வீட்டுமனையானால் வாய்க்காலுக்கு வேலை இல்லாது போகும். ஆனால் சரிவு மாறுவதில்லை. மழைநீர் அப்பழைய வழியையே நாடும்.

இப்படத்தைப் புதிய படத்தோடு ஒப்பிட, இரண்டிலும் மாறாத மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். பழைய கோயில், ஆற்றுப் பாலம், சாலைச் சந்திப்பு போன்றவை ஏற்றவை. புதிய படம் 1:50,000 அளவினதாயின், அதே ஏரி அதில் 12 சென்டிமீட்டர் நீளும். ஆகவே பழைய படத்தை அவ்வளவிற்குப் பெருக்கிய பிறகே ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். மூன்றாவது இடம் பொருந்தவில்லையெனில் மூன்றில் ஒன்றை ஐயுறுங்கள். கோயில்கூடச் சில வேளை இடம்பெயர்த்துக் கட்டப்பட்டிருக்கும்!

இச்சிறிய அளவுப் படம் ஒரு தெருவின் அகலத்தைத் துல்லியமாகக் காட்டாது. மைதானம் ஏரிக்குள் இருந்ததா, கரையோரமா என்பதை உறுதிசெய்யக் கிராம வரைபடமும் புல எண்ணும் தேவை. அடைபட்ட வடிகாலாலும் நீர் தேங்கலாம். மழை நின்ற மறுநாளே வடிகாலைத் திறந்து பாருங்கள். வடிகாலில் நீர் தடையின்றி ஓடியும் மைதானத்தில் தேங்கினால், அது பள்ளத்தின் நீரே. மண் கொட்டினால் அந்நீர் பக்கத்துத் தெரு வீடுகளுக்குள் நுழையும்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர்க்குழாய் ஒன்றைக் கொண்டு மைதானத்தின் நான்கு மூலைகளையும், அத்தெருவையும் அளந்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்