குந்தி உட்காரும் பையன்

பத்தடி ஓடுவான், சட்டென்று குந்தி உட்கார்ந்துவிடுவான். "சோம்பேறிப் பய!" என்று தாத்தா கேலி செய்வார். இரண்டரை வயதுப் பிள்ளையின் விளையாட்டு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நகம் கொஞ்சம் நீலமாக இருந்ததை, கறுத்த பிள்ளை என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலை எழுந்ததும் அழ ஆரம்பித்தான். அழுகை நிற்கவே இல்லை. மூச்சு வேகவேகமாக வாங்கியது. உதடும் நாக்கும் நாவல்பழம் தின்றதுபோல் ஆயின. பிறகு அழுகை அடங்கி, உடம்பு துவண்டது. அப்பாடா, ஓய்ந்தான் என்று நினைக்கிற நேரமல்ல அது. ஆபத்து அங்கேதான் அதிகம்.

அம்மா தூக்கிக்கொண்டு ஓடினார். மருத்துவமனையில் நர்ஸ் முதலில் அவன் முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். ஆக்சிஜனும் ஊசியும் அடுத்துதான். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது.

"இதைத்தாம்மா உங்க பையன் தானாவே செஞ்சிட்டு இருந்திருக்கான்" என்றார் டாக்டர்.

எக்கோவில் தெரிந்தது, டெட்ராலஜி ஆஃப் ஃபேலட். 1888-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. நான்கு குறைகள் சேர்ந்தது என்றாலும், பாடாய்ப் படுத்துபவை இரண்டு. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓர் ஓட்டை. வலது அறையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் பாதையில் ஒரு குறுகல். ஆக்சிஜன் வாங்கிவர நுரையீரலுக்குப் போகவேண்டிய ரத்தத்தில் ஒரு பகுதி, போக வழியில்லாமல் ஓட்டையில் புகுந்து உடம்புக்கே திரும்பிவிடுகிறது. அழும்போது அந்தக் குறுகல் மேலும் இறுகினால் உடம்பு நீலமாகிறது. குந்தும்போது கால்களின் ரத்தக்குழாய்கள் மடங்கி, உடம்புக்குப் போகும் பக்கம் அழுத்தம் கூடுகிறது. அங்கே போவது கடினமானதும் ரத்தம் நுரையீரல் பக்கம் திரும்புகிறது. இரண்டரை வயதில் இதை யார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது!

பெரும்பாலும் முதல் வயதையொட்டிச் செய்துவிடும் அறுவை சிகிச்சை, அவனுக்குத் தாமதமாக நடந்தது. இதயத்தின் வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ள, ஓட்டையை ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்தார்கள். குறுகலில் தடித்திருந்த தசையை வெட்டி எடுத்தார்கள். நுரையீரல் வால்வின் வாயும் சிறியதாக இருந்ததால், அதையும் அறுத்து, ஒட்டுப்போட்டு அகலப்படுத்தினார்கள். இனி வலப்பக்க ரத்தம் முழுவதும் நுரையீரலைச் சுற்றித்தான் வரவேண்டும், குறுக்குவழி கிடையாது. விரலில் மாட்டும் கருவியில் முன்பு 74 காட்டிய ஆக்சிஜன் அளவு, பிறகு 98 காட்டியது.

ஆனால், அறுத்து விரித்த வால்வு சரியாக மூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னால் கசியும். வருடங்கள் போகப்போக வலது அறை வீங்கலாம்; பெரியவனானதும் புது வால்வு தேவைப்படலாம். அதனால்தான் நன்றாக இருக்கும்போதும் வருடா வருடம் எக்கோ.

போன வாரம் தெருவில் ஓடியவன் திடீரென்று குந்தினான். அம்மா பதறி ஓடி, முகத்தைத் திருப்பி உதட்டைப் பார்த்தார். சிவப்பாகத்தான் இருந்தது.

"எறும்பு போகுதும்மா" என்றான்.