மாதிரி வகுப்பில் ஒரே பந்து

உடற்கல்வி ஆசிரியர் நேர்காணலுக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் நாங்கள் விளையாட்டு விதிகளை அதிகம் கேட்பதில்லை. அது அவர்களுக்கே தெரியும். இடறுவது மாதிரி வகுப்பில்தான்.

10 நிமிடம், 30 மாணவர்கள், ஒரே வாலிபால் என்று வையுங்கள். ஒரே வரிசையில் நிறுத்தி ஆளுக்கு 20 விநாடி கொடுத்தால், ஒவ்வொருவருக்கும் பந்து ஒரேமுறைதான் கிடைக்கும். மீதி நேரமெல்லாம் வேடிக்கை.

அதனால் ஐந்தைந்து பேராக ஆறு குழு. பந்து ஒரு குழுவிடம் ஒரு நிமிடம். மற்றவர்கள் பந்தில்லாமல் முழங்கால் மடக்கி, கைகளைச் சேர்த்து நீட்டிப் பழகுவார்கள். விளக்கிச் சொல்ல நான்கு நிமிடம் மிஞ்சும்.

குழு பிரிக்க கேப்டன்களை விடாதீர்கள். கடைசிவரை யாரும் கூப்பிடாமல் நிற்பது யார் என்று நமக்குத் தெரியும். ஒன்று முதல் ஆறுவரை எண்ணச் சொல்லுங்கள். ‘ஏன் இப்படிப் பிரித்தீர்கள்?’ என்று கேட்டால், இந்தக் காரணத்தையே சொல்லுங்கள்.