நின்ற லாரியும் ஆடிய எடையும்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் காலை ஒன்பது மணிக்கே லாரிகளின் நடமாட்டம் சூடு பிடித்துவிடுகிறது. அங்கே ஒரு மாடி அறையில் இயங்கும் சிறிய குழு எடைமேடைகளுக்கான சாப்ட்வேர் எழுதுகிறது. லாரி மேடையில் ஏறியதும் எடையை வாங்கி, சீட்டு அடித்து, ஜிஎஸ்டி பில்லும் இ-வே பில்லும் போட்டுத் தரும் சாப்ட்வேர் அது. வானூர்ப் பக்கத்து ஜல்லி கிரஷர்கள், அரிசி ஆலைகள், பழைய இரும்புக் கிடங்குகள் எல்லாம் அவர்களிடம் வாங்கியிருக்கின்றன. அந்தக் குழுவின் பக் ட்ரையேஜைப் பார்க்கத்தான் போயிருந்தேன். வந்து குவிந்த குறைகளில் எது எவ்வளவு மோசம், யார் பார்ப்பது, எதை முதலில் கையில் எடுப்பது என்று தினமும் காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்.

க்யூவை நடத்துபவர் டெஸ்டிங் பொறுப்பில் இருக்கும் ஒரு பெண். எல்லோருக்கும் அவர் அக்கா. மொசில்லா 1998-இல் வெளியிட்ட பக்சில்லாவில்தான் இன்றும் குறைகளைப் பதிகிறார்கள். பயர்பாக்ஸ் குழு வைத்திருப்பதுபோல S1 முதல் S4 வரை நான்கு படிகள். தரவு கெட்டாலோ வேலை முழுவதும் நின்றாலோ S1. முக்கியமான வேலை கெட்டு, மாற்று வழியும் இல்லையென்றால் S2. மாற்று வழி இருந்தால் S3. கண்ணுக்கு மட்டும் உறுத்துவது S4. இது சிவியாரிட்டி. எப்போது சரிசெய்வது என்பது பிரியாரிட்டி. அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது.

இரண்டும் ஏன் தனித்தனி என்பது அன்று வந்த ஒரு ரிப்போர்ட்டிலேயே புரிந்தது. ஜிஎஸ்டிஆர்-1 அறிக்கையில் ஒரு வரிசை விடுபடுகிறது. எக்செல்லில் கையால் சேர்த்துக்கொள்ளலாம். ஆக S3. ஆனால் மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி கெடு, அன்று 9-ஆம் தேதி. “இன்னைக்கே பாத்துடணும். இதே ரிப்போர்ட் 12-ஆம் தேதி வந்திருந்தா அடுத்த வாரம் பாத்திருப்பேன்” என்றார் அக்கா. படி மாறவில்லை, அவசரம்தான் மாறியது.

அடுத்தது பெரிய சண்டையோடு வந்தது. ஒரு கிரஷரில் இ-வே பில் வரவில்லை, லோடோடு லாரி வாசலில் நிற்கிறது. உரிமையாளர் காலையிலிருந்து மாற்றி மாற்றி போன் செய்கிறார். சப்போர்ட்டில் இருக்கும் தம்பி அதை S1 என்று போட்டிருந்தார். “அக்கா, அவர் கத்துறதைக் கேட்டா நீங்களும் அதான் போடுவீங்க.” அக்கா அதை S3-க்கு இறக்கினார். அரசின் இ-வே பில் தளத்தில் நேரடியாகப் போய் அதே பில்லைப் போட முடியும். தம்பியே போனில் வழி சொல்லிப் போடவைத்தார், லாரி கிளம்பியது. கோளாறு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் யாருக்கும் வேலை நிற்கவில்லை.

அக்கா முதலில் கையில் எடுத்தது, யாரும் கத்தாமல் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரி. பழைய இரும்புக் கிடங்கு ஒன்றின் ஆபரேட்டர் அனுப்பியது: “சீட்டுல எடை கொஞ்சம் கூட வருது, பாருங்க.” தம்பி அதை S4 என்று வைத்திருந்தார். அக்கா அந்த ஆபரேட்டரைக் கூப்பிட்டு, இண்டிகேட்டரில் என்ன காட்டியது, சீட்டில் என்ன விழுந்தது, எந்த வெர்ஷன் என்று மூன்றே கேள்வி கேட்டார். இண்டிகேட்டரில் 12,340 கிலோ, சீட்டில் 12,380. மேடையின் குறைந்தபட்ச அளவு பத்து கிலோ. பத்து வித்தியாசம் என்றால் மேடையின் இயல்பு என்று விடலாம். நாற்பதை விட முடியாது. வெர்ஷன், போன மாதம் வெளியிட்ட புதியது.

பிறகு அவர் க்யூவில் பின்னோக்கித் தேடினார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு அரிசி ஆலை, “ரெண்டாவது தடவை போட்டா வேற எடை வருது” என்று எழுதியிருந்தது. ஒரு கிரஷர், “காலி எடை தப்பு” என்று சொல்லியிருந்தது. அதை யாரோ டிரைவர் இறங்காததால் வந்த வித்தியாசம் என்று மூடியிருந்தார்கள். மூன்றும் வேறு வேறு வார்த்தை. வெர்ஷன் மட்டும் ஒன்று. மூன்றையும் ஒரே பக்கின் கீழ் கொண்டுவந்தார்.

குழுவின் மேஜையிலும் ஒரு இண்டிகேட்டர் இருக்கிறது, சின்ன லோட்செல்லோடு. அதில் எத்தனை முறை போட்டாலும் எடை சரியாகவே வந்தது. இங்கே வரவில்லை என்று எழுதி மூடிவிடும் ஆபத்து இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. அக்கா மூடவில்லை, கிடங்கிலிருந்து லாகை வாங்கினார். இண்டிகேட்டர் சீரியல் கேபிள் வழியாக விடாமல் அனுப்பும் வரிகள் அதில் அப்படியே பதிந்திருந்தன:

```
US,GS,+012380kg
US,GS,+012320kg
ST,GS,+012340kg
```

முதல் இரண்டு எழுத்துதான் விஷயம். US என்றால் எடை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது, ST என்றால் நிலைத்துவிட்டது. பிரேக் போட்ட லாரி மேடையில் சில நொடி முன்னும் பின்னும் அசையும். அதுவரை எண்ணும் ஏறி இறங்கும். பழைய வெர்ஷன் ST வரும்வரை காத்திருந்தது. புதியதில், திரை சீக்கிரம் பதில் சொல்ல வேண்டும் என்று சீரியல் படிக்கும் பகுதியைத் திருத்தியபோது அந்தச் சோதனை விடுபட்டுப்போயிருந்தது. ஆபரேட்டர் பொத்தானை அமுக்கிய நொடியில் எந்த வரி வந்ததோ, அதுவே சீட்டில் ஏறியது. மேஜையிலுள்ள லோட்செல் ஆடுவதே இல்லை. அதனால்தான் அங்கே பிடிபடவில்லை. வரிசையில் வண்டிகள் காத்திருக்க, ஆபரேட்டர் அவசரப்படும் இடங்களில் மட்டும் வந்தது.

பழைய இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்தாலும் அந்த ஒரு சீட்டில் 1,200 ரூபாய் கை மாறுகிறது. கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. S1 என்று போட்டார் அக்கா. நின்றுபோன லாரி தானே வந்து சொல்லிவிடும். தப்பான எண் பில்லாகி, கணக்காகி, உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ஒரு க்யூவை எப்படி வரிசைப்படுத்துகிறார்கள் என்பதில் நான் முதலில் பார்ப்பது இனி இதைத்தான்.

யாருக்குக் கொடுப்பது? `git blame` எடுத்துப் பார்த்து, சீரியல் படிக்கும் பகுதியைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று தெரிந்துகொண்டார்கள். அவரிடமே கொடுத்தார்கள், குற்றம் சொல்ல அல்ல. அந்தப் பகுதி இப்போது அவர் நினைவில் புதிதாக இருக்கிறது, மதியத்துக்குள் திருத்திவிடுவார். அதுவரை எல்லா வாடிக்கையாளரும் பழைய வெர்ஷனுக்குத் திரும்ப வேண்டும் என்று தம்பி செய்தி அனுப்பினார். ஏற்கெனவே அடித்த சீட்டுகளில் US வரியிலிருந்து எடுத்தவை எவை என்று லாகிலிருந்து பட்டியல் எடுப்பது தனி வேலையாகப் பதிவானது. எனக்கு அதுவே பெரிய வேலையாகத் தெரிந்தது. கோட் ஒரு வரியில் சரியாகிவிடும். போன மாதத்து பில்களைத் திருத்த ஒவ்வொரு கிடங்கோடும் பேச வேண்டும்.

கடைசியில் வெகுநாளாகக் கிடக்கும் ஒரு S4. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் தமிழில் சரக்கின் பெயர் அடித்தால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து விழுகின்றன. பிரிண்டரின் டெக்ஸ்ட் முறை அவ்வளவுதான் செய்யும். படமாக அனுப்பினால் சரியாக வரும், ஆனால் சீட்டு மெதுவாக இறங்கும். ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளலாம் என்று மாற்று வழி எழுதியிருந்தார்கள். லோடுமேனுக்கு ஆங்கிலம் தெரியாதென்றால் அது மாற்று வழியா என்று கேட்டேன். அக்கா அந்த ரிப்போர்ட்டைத் திறந்து மறுபடி படித்தார். S3 என்று மாற்றி, பிரிண்டிங் பார்க்கும் பையன் பெயரைப் போட்டு, பெயர் வரியை மட்டும் படமாக அனுப்பினால் சீட்டுக்கு எத்தனை நொடி கூடுகிறது என்று அளந்து சொல்லும்படி கீழே எழுதினார்.