ஒரு ஜல்லிக்கல்லும் இரண்டு விடைகளும்

பதினொன்றாம் வகுப்பு செய்முறை வகுப்பில் என்னிடம் ஒரு கருங்கல் ஜல்லியைக் கொடுத்து, அதன் அடர்த்தியைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பார்க்கப் போனால் இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. கல்லை எடை போட வேண்டும். அளவுச் சாடியில் தண்ணீர் ஊற்றி மட்டத்தைக் குறிக்க வேண்டும். கல்லை உள்ளே விட்டு மறுபடியும் மட்டத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் கல்லின் கன அளவு. எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. பத்து நிமிட வேலை!

எனக்குக் கிடைத்தது இதுதான். எடை 21.2 கிராம். தண்ணீர் முதலில் 50 மி.லி., கல்லைப் போட்ட பிறகு 59 மி.லி. ஆக கன அளவு 9. அடர்த்தி 2.36.

என் பக்கத்தில் இருந்த நண்பன் அதே கல்லை, அதே தராசில், அதே சாடியில் செய்தான். அவனுக்கு 58. கன அளவு 8, அடர்த்தி 2.65. கருங்கல்லின் அடர்த்தி 2.6-லிருந்து 2.7-க்குள் இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தோம். பிறகென்ன, என் நோட்டில் இருந்த 59-ஐ ரப்பரால் அழித்து 58 என்று எழுதிவிட்டேன். கடைசியில் 'பிழைக்கான காரணங்கள்' என்ற தலைப்பில் வழக்கமான மந்திரத்தையும் எழுதினேன்: காற்றுக்குமிழ், வெப்பநிலை மாற்றம், கருவியின் பிழை, மனிதப் பிழை.

சார் நோட்டை வாங்கினார். அழித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நீ பார்த்தது எது?" என்று மட்டும் கேட்டார். 59 என்றேன். "அப்படின்னா அதுதாண்டா உன் விடை. அந்த ஒரு மி.லி. எங்கிருந்து வந்ததுன்னு கண்டுபிடிச்சுட்டு வா. நீ எழுதியிருக்கிற ஒவ்வொரு காரணமும் விடையைக் கூட்டுமா குறைக்குமா, எவ்வளவுன்னு எழுதணும். சொல்ல முடியாததை அடிச்சிரு" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் எல்லோருக்கும் பிடித்த காற்றுக்குமிழ். கல்லோடு ஒட்டிய குமிழும் இடத்தை அடைப்பதால் மட்டம் உயரும், கன அளவு கூடும், அடர்த்தி குறையும். என் விடை குறைவாகத்தானே வந்தது? திசை சரியாக இருக்கிறது. ஆனால் எவ்வளவு? 2 மி.மீ. விட்டமுள்ள ஒரு குமிழின் கன அளவு சுமார் 0.004 மி.லி.தான். ஒரு மி.லி. வரவேண்டும் என்றால் அப்படிப்பட்ட குமிழ்கள் ஏறத்தாழ 240 வேண்டும்! என் கல்லில் ஐந்தாறுகூட இல்லை. குமிழ் அவுட்.

வெப்பநிலை. அறை வெப்பத்தில் இருக்கும் 50 மி.லி. தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் 0.02 மி.லி. அளவுகூட விரியாது. இதுவும் அவுட். தராசு? அது 0.1 கிராம் வரை காட்டும். 21.2-ல் 0.1 என்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. அதுவும் இல்லை.

கல்லைப் போடும்போது தண்ணீர் தெறித்திருக்குமோ? சொட்டுக்குழாயில் விழும் ஒரு சொட்டு சுமார் 0.05 மி.லி. இருபது சொட்டு வெளியே போனால் ஒரு மி.லி. இது நடக்கக்கூடியதுதான். ஆனால் தண்ணீர் வெளியேறினால் மட்டம் இறங்கும், கன அளவு குறையும், அடர்த்தி கூடும். எனக்கு நடந்தது நேர் எதிர். திசையே தப்பு!

மிச்சமிருந்தது நான்தான். மறுநாள் சார் முன்னாலேயே மறுபடி செய்தேன். முதல் மட்டத்தை நன்றாகக் குனிந்து, கண்ணை நீரின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். சரியாக 50. சாடியைச் சாய்த்து, நூலில் கட்டிய கல்லை மெதுவாக உள்ளே இறக்கி, சாடியை நிமிர்த்தினேன். பிறகு அரைகுறையாகக் குனிந்து பார்த்தேன். 59. "இன்னும் குனி" என்றார். குனிந்தேன். 58-ஐ ஒட்டி இருந்தது மட்டம்!

இதைத்தான் இடமாறு தோற்றப்பிழை என்கிறார்கள். கோடுகள் சாடியின் வெளிப்பக்கத்தில் இருக்கின்றன. நாம் பார்க்க வேண்டிய பிறைத்தளத்தின் அடியோ சாடியின் நடுவில் இருக்கிறது. கண் மேலே இருந்தால் பார்வை சரிந்து போய், நிஜ மட்டத்துக்கு மேலே உள்ள கோட்டில் பொருந்துகிறது. 100 மி.லி. சாடியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே 2 மி.மீ. கூட இருக்காது. கண் மூன்று நான்கு விரற்கடை மேலே போனாலே ஒரு கோடு மாறிவிடும். வேடிக்கை என்னவென்றால், இரண்டு தடவையும் ஒரே மாதிரி அரைகுறையாகக் குனிந்திருந்தால் இரண்டிலும் ஒரே பிழை வந்து, கழிக்கும்போது பெரும்பாலும் ஓடிப்போயிருக்கும். ஒரு தடவை ஒழுங்காகவும் மறு தடவை சோம்பேறித்தனமாகவும் பார்த்ததுதான் வினை.

அப்படியானால் நண்பனின் 2.65 சரியான விடையா? அங்கேதான் சார் இன்னொரு குண்டைப் போட்டார். ஒவ்வொரு மட்டத்தையும் அரை மி.லி. துல்லியத்தில்தான் படிக்க முடியும் என்றால், வித்தியாசத்தில் ஒரு மி.லி. வரை தவறலாம். அவனுடைய 8 என்பது 7 ஆகவும் இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம். அடர்த்தி 3.03-லிருந்து 2.36 வரை எதுவாகவும் இருக்கலாம்! அவன் விடை புத்தகத்தோடு ஒத்துப்போனதில் பாதி அதிர்ஷ்டம்.

இதற்கு மருந்து கல்லைப் பெரிதாக்குவதுதான். பெரிய கல் சாடிக்குள் நுழையாது. அதனால் அதே குவியலிலிருந்து ஐந்து ஜல்லிகளைச் சேர்த்து எடை போட்டோம்: 106.3 கிராம். தண்ணீர் 50-லிருந்து 90-க்கு ஏறியது. எல்லாக் கற்களும் முழுவதும் மூழ்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டோம். கன அளவு 40, அடர்த்தி 2.66. இப்போது அதே ஒரு மி.லி. தவறினாலும் விடை 2.59-க்கும் 2.73-க்கும் இடையில்தான். சாடியும் மாறவில்லை, கண்ணும் மாறவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: இது ஐந்து கற்களின் சராசரி. ஒரே பாறையில் உடைத்த கற்கள் என்பதால்தான் அப்படிச் சேர்க்கலாம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது சார் ஒரு செங்கல் துண்டைக் கொடுத்தார். தண்ணீரில் போட்டதும் புஸ்ஸென்று குமிழ்கள் கிளம்பின, மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்தது! செங்கல் தண்ணீரைக் குடிக்கிறது. மட்டம் இறங்கினால் கன அளவு குறைவாகத் தெரியும், அடர்த்தி கூடுதலாக வரும். முதலில் உலர்ந்த துண்டை எடை போட்டுவிட வேண்டும். பிறகு குமிழ் நிற்கும்வரை தனியாக ஊற வைத்து, மேலே ஒட்டிய நீரை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அதன் பிறகு சாடியில் விட வேண்டும். ஊறிய பிறகு எடை போட்டால் குடித்த தண்ணீரையும் செங்கல் கணக்கில் சேர்த்துவிடுவோம்.

என் நோட்டில் இப்போது பிழைகளுக்கு நான்கு வரி மந்திரம் இல்லை. மூன்று பத்திகள் கொண்ட ஒரு அட்டவணை இருக்கிறது: காரணம், கூட்டுமா குறைக்குமா, எவ்வளவு. 'மனிதப் பிழை' என்பதை அடித்துவிட்டு, 'இரண்டாம் மட்டத்தைக் கண்ணை உயர்த்திப் பார்த்தேன். கன அளவு சுமார் 1 மி.லி. கூடியது, அடர்த்தி குறைந்தது' என்று எழுதினேன். அழித்த இடத்தில் 59-ஐயும் திரும்ப எழுதிவிட்டேன். அந்த 59-க்குப் பக்கத்தில்தான் சார் சிவப்பு மையில் டிக் போட்டார்.