பத்து மதிப்பெண்ணும் ஒரு தெருவிளக்கும்

ஆங்கிலக் கடிதம் திருத்துதல் எம் தொழிலின் மிக எளிய பகுதி என்று யாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். செய்யுளுக்குப் பொருளுரைக்கும் விடையைத் திருத்துங்கால் ஐயங்கள் பல எழும். கட்டுரையைத் திருத்துங்கால் கருத்து வேற்றுமை எழும். கடிதத்திற்கோ வரையறுத்த உறுப்புக்கள் உண்டு. ஒவ்வோர் உறுப்புக்கும் இத்துணை மதிப்பெண் என்னும் பட்டியும் உண்டு. உள்ளதற்கு இட்டு, இல்லதற்குக் குறைத்தால் வேலை முடிந்தது. இவ்வெண்ணம் சென்ற ஆண்டு முதல் வகுப்பினர்க்கு யாம் நடத்திய ஒரு தேர்வில் குலைந்துபோயிற்று. அது குலைந்த வகையை இங்கே கூற விழைகின்றோம்.

வினா இதுவே: தம் தெருவில் விளக்குகள் எரியாமை பற்றி நகராட்சி ஆணையருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வரைக. மதிப்பெண் 10. அதனை யாம் பகுத்த முறையாவது: அனுப்புநர் விலாசத்திற்கு 1, தேதிக்கு ½, பெறுநர் விலாசத்திற்கு 1, விளிக்கு ½, பொருள் குறிக்கும் வரிக்கு 1, கடிதத்தின் உடலுக்கு 4, முடிவுரைக்கு 1, கையொப்பத்திற்கு 1. ஆக அமைப்பிற்கு ஆறும் உடலுக்கு நான்குமாயின. இப்பகுப்பில் குற்றம் ஒன்று உண்டென்பது அப்பொழுது எமக்குத் தோன்றவில்லை.

ஐம்பது தாள்களையும் ஓரிரவில் திருத்தினோம். அவற்றுள் ஒன்றைக் கண்டதும் உள்ளம் குளிர்ந்தது. முத்துக் கோத்தாற்போன்ற கையெழுத்து. இடப்பக்க ஓரம் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. உறுப்புக்களில் ஒன்றேனும் குறையவில்லை. விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று எக்ஸ்களும் அதன் கீழ் மூன்று ஒய்களும் இருந்தன. நம் நாட்டுப் பள்ளிகளில் பயின்றோர் அனைவரும் இவ்வழக்கத்தை அறிவர். பொதுத்தேர்வில் எழுதியவர் இன்னார் என்பது திருத்துவோர்க்குத் தெரியலாகாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. அமைப்பிற்கு ஆறும் இட்டோம். உடலோ மூன்றே வாக்கியங்கள். எம் பகுதியில் விளக்குகள் எரியவில்லை, பொதுமக்கள் பெரிதும் இன்னலுறுகின்றனர், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகின்றேன் என்பனவே அவை. பிழை ஒன்றும் இல்லை. எனினும் எந்தத் தெரு, எத்தனை விளக்கு, எந்நாள் முதல் என்னும் செய்தி ஒன்றும் இல்லை. விளக்கை நீக்கிக் குடிநீர் என்றெழுதினால் அதே கடிதம் குடிநீருக்கும் ஆகும். உடலுக்கு 1 இட்டோம். கூட்டு 7.

அடுத்து எடுத்த தாளின் கையெழுத்து கோழி கிளறிய மண்போல் இருந்தது. அனுப்புநர் விலாசம் வலப்புறத்து மேல்மூலையில் கிடந்தது. எம் பட்டி இடப்புறம் என்று கூறியதால் அரை குறைத்தோம். தேதி இருந்தது. பெறுநர் விலாசத்தில் ஆணையர், நகராட்சி என்பதோடு நின்றிருந்தது, ஊர்ப்பெயர் இல்லை, அரை குறைத்தோம். விளியில் ‘சர்’ என்னும் ஒரே சொல். ‘டியர் சர்’ என்றிராமையால் ஒன்றும் இடவில்லை. பொருள் வரி இல்லவே இல்லை. முடிவில் ‘யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி’ என்று எழுதியவர் ‘யுவர்ஸ்’ என்பதன் கடையெழுத்திற்கு முன்னே ஒரு மேற்குறியைச் செருகியிருந்தார், அதற்கும் சுழியே. கையொப்பத்திற்கு 1. ஆக அமைப்பிற்கு 2½.

உடலைப் படித்தோம். குளத்தங்கரைக்கும் நியாயவிலைக் கடைக்கும் இடையே ஏழு கம்பங்கள் உள்ளன. அவற்றுள் நான்கு பதினொரு நாட்களாக எரியவில்லை. மாலை வகுப்பு முடிந்து வரும் சிறுமியர் அவ்வழியை விட்டுச் சுற்றிச் செல்கின்றனர். முன்னரே வாய்மொழியாக முறையிட்டும் பயன் இல்லை. மழைக்காலம் தொடங்குமுன் சீர்செய்து தர வேண்டும். இவையே செய்தி. ஆனால் ‘ஃபார்’ என்னும் சொல் வர வேண்டிய இடத்தில் ‘சின்ஸ்’ என்று மூன்று முறை எழுதியிருந்தார். முறைக்கு அரையாக ஒன்றரை குறைத்து 2½ இட்டோம். கூட்டு 5. சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தோம்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் அம்மாணாக்கர் எம் அறை வாயிலில் வந்து நின்றார். மதிப்பெண் கேட்க வந்தார் போலும் என்று எண்ணி, “என்ன தம்பி, எங்கே குறைந்தது என்று தெரிய வேண்டுமா?” என்றோம். அவர், “இல்லை ஐயா. இதனை மெய்யாகவே அனுப்பலாமா என்று கேட்க வந்தேன். விளக்குகள் இன்னும் எரியவில்லை. பிழைகளைத் திருத்திக் கொடுத்தால் வேறு தாளில் எழுதி அஞ்சலில் சேர்த்துவிடுவேன்,” என்றார்.

அவரை அமரச் செய்து அத்தாளை மீண்டும் கையில் எடுத்தோம். இம்முறை பட்டி எம் கையில் இல்லை. நகராட்சி அலுவலகத்தில் அக்கடிதம் செல்லும் வழியே எம் மனக்கண் முன் நின்றது. கடிதம் முதலில் ஆணையரிடம் செல்வதில்லை. தபால் பிரிவிலே பிரிக்கப்பெறும். அங்குள்ள எழுத்தர் அதனை வரவுப் பதிவேட்டில் ஏற்றி, எண் இட்டு, உரிய பிரிவிற்கு அனுப்புவார். அவர் முழுக் கடிதத்தையும் படிப்பார் என்று எதிர்பார்த்தல் தகாது. பொருள் வரியையே காண்பார். அது இல்லையேல் விளக்குப் பற்றிய கடிதம் வேறு பிரிவின் மேசையிலே உறங்கக்கூடும். ஆகவே பொருள் வரிக்கு யாம் ஒன்றும் இடாதது சரியே. ஊர்ப்பெயர் இல்லாத மேல்விலாசத்திற்கு அரை குறைத்ததும் சரியே; அவ்விலாசத்தையே உறையின் மீதும் எழுதினால் கடிதம் எவ்வூர் நகராட்சிக்குச் செல்லும்?

வலப்புறத்து விலாசத்தின் செய்தி வேறு. பழைய ஆங்கில முறையில் அனுப்புநர் விலாசம் வலப்புறத்தே எழுதப்பெற்றது. எல்லா உறுப்பையும் இடப்புறம் நிறுத்தும் முறை தட்டச்சு பெருகிய காலத்தில் பரவியது. எப்புறம் இருப்பினும் மறுமொழி வந்து சேரும். வீட்டெண்ணும் தெருவும் அஞ்சல் எண்ணும் அவர் தாளில் இருந்தன. மூன்று எக்ஸ்களுக்கு எம்மறுமொழியும் வாராது. ஆயினும் எக்ஸ் எழுதியவரை யாம் குறைகூற இயலாது. எழுதும்படி பள்ளியிற் பழக்கியவர் ஆசிரியரே. கற்பனை விலாசம் ஒன்றை வினாத்தாளிலேயே கொடுத்திருந்தால் மறைவும் காக்கப்பெறும், விலாசம் எழுதும் பயிற்சியும் கிடைக்கும் என்பது அப்பொழுதுதான் புலனாயிற்று.

விளியும் முடிவுரையும் இணைபிரியாதவை. பெயர் குறியாமல் ‘சர்’ என்றோ ‘டியர் சர்’ என்றோ தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி’ என்றும், பெயர் குறித்துத் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்றும் முடித்தல் ஆங்கிலேயர் வழக்கு. வெறும் ‘சர்’ என்பது அரசாங்கக் கடிதங்களில் நெடுங்காலம் வழங்கிய விளி. நம்மவர் விரும்பும் ‘ரெஸ்பெக்டட் சர்’ என்பதே இந்நாட்டில் வேரூன்றியது. எனவே விளிக்குரிய அரையை மறுத்தது எம் பிழை. இவர் விளியும் முடிவும் பொருந்தியிருந்தன. மேற்குறிப் பிழை ஒன்றே குற்றம். அதற்கு அரை குறைக்கலாம், முழுதும் மறுத்தலாகாது. நம் மாணாக்கர் முடிவில் தனியே நிறுத்தும் ‘தாங்கிங் யூ’ என்னும் தொடரையும் இவர் எழுதவில்லை. முற்காலத்தார் அதனோடு ‘ஐ ரிமெய்ன்’ என்று தொடர்ந்து வாக்கியத்தை முடித்தனர். பின்பகுதி உதிர்ந்து போக, எச்சம் மட்டும் முற்றுப்பெறாமல் நிற்கின்றது. அதனை எழுதாமைக்குக் குறைப்போரும் உளர். யாம் குறைக்கவில்லை என்பதே எமக்கிருந்த ஆறுதல்.

உடலிலே யாம் செய்த தவறே பெரிது. ‘சின்ஸ்’ என்னும் பிழையை மூன்று முறை தண்டித்தோம். அவர் அறியாதது ஒன்றே; அவ்வொன்று மூன்றிடத்தில் வெளிப்பட்டது. ஒரு முறை குறைத்து, ஏனைய இடங்களில் அடிக்கோடு மட்டும் இட்டிருத்தல் வேண்டும். திரும்பக் கணக்கிட்டோம். அனுப்புநர் விலாசம் 1, தேதி ½, பெறுநர் விலாசம் ½, விளி ½, முடிவுரை ½, கையொப்பம் 1. ஆக அமைப்பிற்கு 4. உடலுக்கு 3½. கூட்டு 7½. ஐந்தை அடித்து ஏழரை எழுதினோம்.

ஒருவர் தாளை மட்டும் மீளத் திருத்துதல் நீதியன்று. ஆகவே ஐம்பது தாள்களையும் திரும்பப் பெற்று, இம்முறை உறுப்பு உறுப்பாகத் திருத்தினோம். முதலில் எல்லாத் தாள்களிலும் விலாசம், பின்னர் எல்லாவற்றிலும் விளியும் முடிவும், இறுதியில் உடல் எனச் சென்றோம். முழுத்தாளையும் ஒருங்கே பார்த்தால் அழகிய கையெழுத்து கண்ணை ஈர்த்து, படிக்கு முன்னரே மதிப்பெண்ணைத் தீர்மானித்துவிடுகின்றது. ஓர் உறுப்பையே தொடர்ந்து ஐம்பது முறை காணுங்கால் அம்மயக்கம் பெரிதும் தணிகின்றது. யார்க்கும் குறைக்கவில்லை, பதினொருவர்க்குக் கூடிற்று.

ஆயினும் ஒன்று உறுத்தியது. ஒன்றும் சொல்லாத கடிதம் இன்னும் 7 பெற்றிருந்தது. எல்லாம் சொன்ன கடிதம் அதனினும் அரையே மிகுதி. குற்றம் இப்பொழுது எம் கண்ணில் இல்லை, பட்டியிலேயே இருந்தது. அடுத்த தேர்விற்கு அமைப்பிற்கு 4 என்றும் உடலுக்கு 6 என்றும் மாற்றினோம். அமைப்பில் அனுப்புநர் விலாசமும் தேதியும் 1, பெறுநர் விலாசம் 1, பொருள் வரி 1, விளி முடிவு கையொப்பம் மூன்றும் சேர்ந்து 1. உடலில் செய்திக்கு 3, வேண்டுகோளுக்கு 1, மொழிக்கு 2. அதன்படி அவ்விரு தாள்களையும் அளந்து பார்த்தோம். முதல் தாள் 6½, இரண்டாவது 7½. வேற்றுமை ஒன்றே, ஆயினும் அமைப்பைக் கல்லாதவர் அதனைக் கற்க வேண்டிய தேவையும் இதில் மறையவில்லை. பொருள் வரியை மறந்தவர் இங்கும் ஒரு முழு மதிப்பெண்ணை இழக்கின்றார்.

அம்மாணாக்கர் கடிதத்தைத் திருந்த எழுதினார். பொருள் வரியும் ஊர்ப்பெயரும் சேர்ந்தன, மேற்குறி நீங்கிற்று, கம்பங்களில் பொறித்திருந்த எண்களையும் தெருவிற்குச் சென்று குறித்து வந்து சேர்த்தார். அனுப்புநர் விலாசத்தை மட்டும் வலப்புறத்திலேயே விட்டுவிட்டார். யாமும் மாற்றச் சொல்லவில்லை. மூன்று வாரம் சென்றபின் ஒரு பழுப்பு நிற உறையைக் கொணர்ந்து காட்டினார். அவர் கடிதத்தின் எண்ணும் தேதியும் குறித்து, மூன்று விளக்குகள் சீர்செய்யப்பெற்றன என்றும் நான்காவதற்குக் கம்பமே மாற்ற வேண்டியுள்ளது என்றும் அதில் எழுதியிருந்தது. உறையின் மீது அவர் விலாசம் வீட்டெண் முதல் அஞ்சல் எண் வரை பிழையின்றி இருந்தது.

“நான்காவதற்கு மீண்டும் எழுத வேண்டும் ஐயா,” என்றார். எழுதுங்கால் அவர்கள் குறித்த எண்ணையும் தேதியையும் பொருள் வரியின் கீழே சேர்க்கும்படி கூறினோம். அதற்கு எம் பட்டியில் மதிப்பெண் இல்லை.