பிரிஸ்பேனில் 9.00, சிட்னியில் 11.35

2018 டிசம்பரில், சென்னையில் நடக்கவிருந்த தங்கை கல்யாணத்துக்காக பிரிஸ்பேனிலிருந்து புறப்பட்ட ஒரு தமிழ்க் குடும்பம் சிட்னி விமான நிலையத்தைத் தாண்டவில்லை. கணவன், மனைவி, ஏழு வயது மகள். சர்வதேச முனையத்தின் செக்-இன் கவுண்டருக்கு அவர்கள் ஓடி வந்து சேர்ந்தபோது மணி 12.31. கவுண்டரை 12.20க்கே மூடியிருந்தார்கள். விமானம் 1.20க்குப் புறப்பட்டது. மறுநாள் வேறு டிக்கெட் வாங்கிப் போனார்கள். முகூர்த்தம் முடிந்த பிறகுதான் மண்டபத்தை அடைந்தார்கள்.

திரும்பி வந்ததும் கணவர் வழக்கறிஞரான என்னிடம் ஒரு தாளை நீட்டினார். டிராவல் ஏஜெண்ட் தயாரித்துக் கொடுத்த பயண விவரம். "சார், இதுல ரெண்டே முக்கால் மணி நேரம் இருக்குன்னு போட்டிருக்கு. அதை நம்பித்தான் போனோம். எப்படி சார் பத்தாமப் போச்சு?"

தாளில் இருந்தது இவ்வளவுதான்: பிரிஸ்பேன் புறப்பாடு 9.00, சிட்னி வருகை 10.35. சிட்னி புறப்பாடு 1.20. இடைவெளி 2 மணி 45 நிமிடம். உள்நாட்டு விமான நிறுவனம் அனுப்பியிருந்த மின் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் சிட்னி வருகை 11.35.

விமானப் பயணத்தில் எந்த நேரமும் அந்தந்த ஊரின் கடிகாரப்படிதான் அச்சாகும். புறப்படும் நேரம் புறப்படும் ஊருக்கு, இறங்கும் நேரம் இறங்கும் ஊருக்கு. அதனால் இடைத்தங்கலைக் கணக்கிடுவது பார்ப்பதற்குத் தெரிவதைவிட எளிது. சிட்னியில் இறங்குகிற நேரமும் சிட்னியிலிருந்து கிளம்புகிற நேரமும் ஒரே கடிகாரம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் போதும். பிரிஸ்பேன் நேரத்தையோ சென்னை நேரத்தையோ உள்ளே கொண்டுவரவே கூடாது. 11.35க்கு இறங்கி 1.20க்கு ஏறுவது என்றால் 1 மணி 45 நிமிடம். ஏஜெண்டின் தாளில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தது.

அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்ட குவீன்ஸ்லாந்தின் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கின்றன. குவீன்ஸ்லாந்து அதைச் செய்வதில்லை. சில ஆண்டுகள் சோதித்துப் பார்த்துவிட்டு, 1992இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே ஜூலையில் பிரிஸ்பேனுக்கும் சிட்னிக்கும் ஒரே நேரம். டிசம்பரில் சிட்னி ஒரு மணி நேரம் முன்னால் நிற்கும். சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் ஆண்டு முழுதும் வித்தியாசம் இல்லை. அந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே மட்டும் டிக்கெட் போட்டுப் பழகியவருக்கு இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது.

ஏஜெண்ட் மீது போட்ட வழக்குக்காக எல்லா நேரத்தையும் யுடிசிக்கு மாற்றி ஒரு தாள் தயாரித்தேன். பிரிஸ்பேன் 9.00இலிருந்து 10 மணி நேரத்தைக் கழித்தால் முந்தைய நாள் இரவு 11.00 யுடிசி. பறக்கும் நேரம் 1 மணி 35 நிமிடம். அதைக் கூட்டினால் 12.35. சிட்னிக்குக் கோடையில் 11 மணி நேரம் கூட்ட வேண்டும்: காலை 11.35. அடுத்த விமானத்தின் பகல் 1.20இலிருந்து அதே 11ஐக் கழித்தால் அதிகாலை 2.20 யுடிசி. 12.35க்கும் 2.20க்கும் இடையே 1 மணி 45 நிமிடம். நேராகக் கழித்தபோது கிடைத்த விடைதான் இங்கும்.

நேராகக் கழித்தாலே வருகிற விடைக்கு யுடிசி எதற்கு என்று என் உதவியாளர் கேட்டார். ஆண்டில் இரண்டு இரவுகளுக்கு அது வேண்டும். அக்டோபர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 3க்குத் தாவுகிறது. சனி இரவு 11.50க்கு மெல்பர்ன் டல்லமரீனில் இறங்கி ஞாயிறு காலை 6.00 மணி விமானத்துக்குக் காத்திருப்பவர் கழித்துப் பார்த்தால் 6 மணி 10 நிமிடம் வரும். உண்மையில் அவருக்கு இருப்பது 5 மணி 10 நிமிடம். ஏப்ரலில் இதற்கு நேர்மாறாக ஒரு மணி நேரம் கூடிவிடும். ஒரே ஊர், ஒரே விமான நிலையம், ஆனால் இரண்டு கடிகாரம். யுடிசிக்கு மாற்றினால் அந்த இரவிலும் கணக்கு பிசகாது. எதிர்த்தரப்பு எந்த நாளைக் காட்டிக் கேட்டாலும் நிற்கக்கூடிய முறைதான் நீதிமன்றத்துக்குத் தேவை.

பிழை எப்படி நேர்ந்தது என்பதை அதே தாளின் அடிப்பகுதி காட்டிக் கொடுத்தது. ஜனவரியில் திரும்பி வரும் பயணத்தில் சிட்னி புறப்பாடு 10.00, பிரிஸ்பேன் வருகை 10.35 என்று இருந்தது. பார்ப்பவருக்கு 35 நிமிடப் பயணம். கோடையில் அது சரிதான். போகும் வழியில் கோடையில் 2 மணி 35 நிமிடம் என்று தோன்ற வேண்டும். 9.00, 10.35 என்று 1 மணி 35 நிமிடமாகத் தெரிந்தால் அது குளிர்கால நேரம். போகும்போதும் வரும்போதும் தோன்றுகிற கால அளவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் இரு ஊருக்கும் ஒரே நேரம். சமமில்லாமல் இருந்தால், அந்த வித்தியாசத்தில் பாதிதான் கடிகார வித்தியாசம். 2 மணி 35 நிமிடத்துக்கும் 35 நிமிடத்துக்கும் இரண்டு மணி வித்தியாசம். பாதி ஒரு மணி. டிசம்பரில் போய் ஜனவரியில் திரும்பும் பயணத்தின் தாளில் ஒரு வழி குளிர்காலமும் மறு வழி கோடைக்காலமும் இருக்க முடியாது. ஏஜெண்ட் பின்னர் எழுத்து வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டார்: போகும் வழிக்கு மட்டும், வேறொரு வாடிக்கையாளருக்கு ஜூலையில் தயாரித்த தாளிலிருந்து நேரங்களை எடுத்து, தேதியை மாற்றியிருக்கிறார்.

இடைத்தங்கல் என்று தாளில் இருக்கிற நேரம் முழுவதும் பயணியின் கையில் இருப்பதில்லை. சிட்னியில் உள்நாட்டு முனையங்கள் ஓடுபாதைக்கு ஒரு பக்கம், சர்வதேச முனையம் மறுபக்கம். பஸ்ஸிலோ ரயிலிலோ டாக்சியிலோ போக வேண்டும். மெல்பர்னில் முனையங்கள் அடுத்தடுத்து இருப்பதால் நடந்தே போய்விடலாம். இந்தக் குடும்பத்துக்கு இரண்டு தனித்தனி டிக்கெட். பெட்டியைச் சுழல் பெல்ட்டிலிருந்து எடுத்து, தூக்கிக்கொண்டு போய் மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால், அந்த நிலையத்துக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச இணைப்பு நேரத்துக்குக் கீழே போகும் இணைப்பை முன்பதிவு அமைப்பே ஏற்றுக்கொண்டிருக்காது. தவறவிட்டாலும் விமான நிறுவனம் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும். தனி டிக்கெட்டில் அந்தக் காவல் கிடையாது. வராத பயணி என்று குறித்துவிட்டார்கள்; சென்னைவரையிலான டிக்கெட் அத்தோடு போயிற்று.

நடந்ததை நிமிட வாரியாக வரிசைப்படுத்தினேன். உள்நாட்டு விமானம் 15 நிமிடம் தாமதம். கேட்டுக்கு வந்தது 11.50. பெட்டி கைக்கு வந்தது 12.10. பஸ் சர்வதேச முனையத்தில் இறக்கிவிட்டது 12.24. கவுண்டர் 12.31. கேட்டிலிருந்து கவுண்டருக்கு 41 நிமிடம் பிடித்திருக்கிறது. குழந்தையோடும் மூன்று பெரிய பெட்டிகளோடும் வந்தவர்களுக்கு அது வேகம்தான்.

உள்நாட்டு விமான நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா என்று கணவர் கேட்டார். தனியாக வாங்கிய உள்நாட்டு டிக்கெட்டுக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் தாமதப் பொறுப்பு ஒட்டாது. ஐரோப்பாவில் உள்ளதுபோல் தாமதத்துக்கென நிர்ணயித்த இழப்பீடும் ஆஸ்திரேலியாவில் இல்லை. 15 நிமிடத்தைப் பிடித்துத் தொங்கினால் எங்கும் போக முடியாது. பொறுப்பு அந்தத் தாளில்தான் இருந்தது: ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் 18ஆம் பிரிவு. வியாபாரத்தில் பிறரைத் தவறாக வழிநடத்தும் நடத்தை கூடாது என்கிறது அது. வேண்டுமென்றே செய்தாரா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இப்படிப்பட்ட புகார்கள் வழக்கமாக என்கேட் என்ற மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போகும். எங்களால் அங்கே போக முடியவில்லை. கட்சிக்காரர் குவீன்ஸ்லாந்துவாசி, சிட்னி ஏஜெண்ட் கம்பெனி வைத்திருக்கவில்லை, தன் பெயரிலேயே தொழில் செய்தவர். வெவ்வேறு மாநிலங்களில் வசிக்கும் இரு தனிநபர்களின் தகராறை மாநிலத் தீர்ப்பாயம் தீர்க்க முடியாது என்று 2018 ஏப்ரலில் பர்ன்ஸ் எதிர் கார்பெட் வழக்கில் ஆஸ்திரேலியாவின் உச்சபட்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. லோக்கல் கோர்ட்டின் சிறு வழக்குப் பிரிவுக்குப் போனோம். அங்கே பெரும்பாலும் எழுத்து வாக்குமூலங்களை வைத்தே முடிவெடுப்பார்கள். எங்கள் வழக்கும் தாள்களின் வழக்குதான் என்பதால் அது வசதியாகவே போயிற்று.

ஏஜெண்ட் தரப்பின் வாதம் லேசானதல்ல. விமானம் சரியான நேரத்துக்கு வந்திருந்தால் இதே குடும்பம் அதே 41 நிமிடத்தில் 12.16க்குக் கவுண்டரை அடைந்திருக்கும். மூடுவதற்கு நான்கு நிமிடம் மிச்சம் இருந்திருக்கும். ஆகவே நஷ்டத்துக்குக் காரணம் தாமதம், தாள் அல்ல என்றார்கள்.

நான் இரண்டு பதில் வைத்திருந்தேன். தாளில் இருந்தது உண்மையாக இருந்திருந்தால், 15 நிமிடத் தாமதத்தோடும் 11.31க்குக் கவுண்டரில் நின்றிருப்பார்கள். மூட 49 நிமிடம் இருந்திருக்கும். விமானம் கால் மணி தாமதமாவது அன்றாடம் நடப்பது. அதைத் தாங்குவதற்குத்தான் இடைவெளியே தவிர, எல்லாம் சரியாக நடந்தால் மட்டும் போதுகிற நான்கு நிமிடத்தை எந்தப் பயணியும் இணைப்பு என்று வாங்குவதில்லை. இரண்டாவது பதில் ஒரு மின்னஞ்சல். டிக்கெட் போடுவதற்கு முன் கணவர் கேட்டிருக்கிறார்: "7 மணி விமானமும் இருக்கிறதே, 9 மணி போதுமா?" ஏஜெண்டின் பதில்: "2.45 மணி நேரம் இருக்கிறது, தாராளம்." கேட்டவர் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார், பதிலை நம்பி 7 மணி விமானத்தை விட்டிருக்கிறார். தவறான தகவலுக்கும் நஷ்டத்துக்கும் இடையே இதைவிட நேரான கண்ணியை என் தொழிலில் அதிகம் பார்த்ததில்லை.

வழக்கை விசாரித்த அசெசர் இரண்டையும் ஏற்றார். ஆனால் மின் டிக்கெட்டில் 11.35 என்று சரியாக இருந்ததையும், அது பல வாரங்களாகக் கணவரின் போனில் கிடந்ததையும் அவர் கணக்கில் எடுத்தார். போட்டிகள் மற்றும் நுகர்வோர் சட்டத்தின் 137பி பிரிவு, தன் பங்குக்குக் கவனம் எடுக்கத் தவறியவரின் இழப்பீட்டைக் குறைக்க இடம் தருகிறது. புதிய டிக்கெட்டுக்கும் ஓர் இரவு ஓட்டலுக்குமாக நாங்கள் கேட்டது 4,470 டாலர். ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 3,576 டாலர் கொடுக்கச் சொன்னார்.

அந்தக் குறைப்பு எனக்கு இன்றும் உடன்பாடில்லை. நேரம் பார்ப்பது தெரியாத காரணத்தால்தான் ஒருவர் ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்கிறார். போதுமா என்று எழுதிக் கேட்டு, போதும் என்று எழுத்தில் பதில் வாங்கியவரிடம், இரண்டு தாளையும் ஒப்பிட்டு ஏஜெண்டின் பிழையை நீயே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று சொல்வது அவர் வாங்கிய சேவையையே அவரிடம் திருப்பிச் சுமத்துவது. மேல்முறையீட்டுக்கு ஆகும் செலவு 894 டாலரைவிட அதிகம் என்பதால் கட்சிக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.