சராசரியில லாபம் எண்டா, காசு ஏன் குறைஞ்சது?



அவுஸ்பில்டுங் முடித்து முதல் சம்பளம் எடுத்தவர்களும், படித்துக்கொண்டே பகுதிநேர வேலை செய்பவர்களும் இப்போதெல்லாம் என்னிடம் ஒரே மாதிரியான படத்தைத்தான் அனுப்புகிறார்கள். ஒரு முதலீட்டு நிதியின் ஐந்தாறு வருட வருமானம் கம்பி கம்பியாக வரையப்பட்டிருக்கும். கீழே "சராசரி ஆண்டு வருமானம்" என்று ஒரு வடிவான எண் இருக்கும். "அண்ணா, இந்த வீதத்தில போட்டா பத்து வருசத்தில எவ்வளவு வரும்?" என்று கேட்பார்கள்.

அந்த எண்ணை வைத்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அது ஏன் என்று எங்கள் வீட்டுக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

1999 கடைசியில் அப்பா பீலெஃபெல்ட்டில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டிருந்தார். சீட்டுக் காசும் சேமிப்புமாக 10 000 மார்க் கையில் இருந்தது. இன்றைய கணக்கில் அது 5113 யூரோ. அந்த நேரம் ஜெர்மனி முழுவதும் பங்குச்சந்தைக் கதைதான். ஒரு முகவர் வீட்டுக்கு வந்து கதைத்துப் போன பிறகு, டாக்ஸ் குறியீட்டைப் பின்தொடரும் ஒரு நிதியில் அப்பா அந்தக் காசை ஒரேயடியாகப் போட்டார். டாக்ஸ் என்பது அப்போது ஜெர்மனியின் முப்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளைச் சேர்த்த குறியீடு. நிறுவனங்கள் தரும் பங்கிலாபமும் திரும்ப முதலிடப்பட்டதாகக் கணக்கிட்டுத்தான் அந்த எண் வெளியிடப்படுகிறது. அதனால் "பங்கிலாபம் தனியாக வந்திருக்குமே" என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை.

பத்து வருடம் அப்பா அதைத் தொடவில்லை. 2010 தொடக்கத்தில் அக்காவின் படிப்புச் செலவுக்காக எடுக்கப் போனபோது, அதே முகவர் பத்து வருட வருமானங்களைக் கூட்டிப் பத்தால் பிரித்துக் காட்டினார். ஆண்டுக்குச் சராசரி 2.8 சதவீதம் லாபம். ஆனால் கணக்கில் இருந்ததோ போட்ட காசைவிடக் குறைவு. அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "சராசரியில லாபம் எண்டா, காசு ஏன் குறைஞ்சது?"

அந்தக் கேள்விக்கு முகவரிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் அவர் எண்களில் பொய் சொல்லவுமில்லை. டாக்ஸின் ஆண்டு மாற்றங்களை நீங்களே கூட்டிப் பாருங்கள்:

2000: −7.54
2001: −19.79
2002: −43.94
2003: +37.08
2004: +7.34
2005: +27.07
2006: +21.98
2007: +22.29
2008: −40.37
2009: +23.85

கூட்டினால் 27.97 வரும். பத்தால் பிரித்தால் ஏறத்தாழ 2.8. கூட்டல் சரி, பிரித்தலும் சரி. இப்போது குறியீட்டைப் பாருங்கள். 1999 முடிவில் 6958.14 புள்ளி. 2009 முடிவில் 5957.43 புள்ளி. பத்து வருடத்தில் 14.4 சதவீதம் கீழே. அப்பாவின் 5113 யூரோ, நிதியின் கட்டணங்களை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஏறத்தாழ 4377 யூரோவாகிவிட்டது. உண்மையில் ஆண்டுக்கு 2.8 சதவீதம் வளர்ந்திருந்தால் 6737 யூரோ இருந்திருக்க வேண்டும். இடையில் உள்ள 2360 யூரோவை யாரும் திருடவில்லை. அது எப்போதுமே அங்கே இருக்கவில்லை.

காரணம் இதுதான்: காசு கூட்டலில் வளர்வதில்லை, பெருக்கலில் வளர்கிறது. ஒவ்வொரு வருடத்தின் சதவீதமும் முந்தைய வருடம் மிச்சம் விட்ட தொகையின் மேல்தான் வேலை செய்யும். 2002ஐயும் 2003ஐயும் மட்டும் எடுத்துப் பார்ப்போம். 100 யூரோ 43.94 சதவீதம் இழந்தால் 56.06 யூரோ. அடுத்த வருடம் வந்த 37.08 சதவீத லாபம் இந்த 56.06க்குத்தான் கிடைத்தது, பழைய நூறுக்கு அல்ல. ஆகவே வந்து நின்றது 76.85 யூரோ. சராசரியோ "ஆண்டுக்கு 3.4 சதவீதம் நட்டம்" என்கிறது. உண்மையில் ஆண்டுக்கு 12.3 சதவீதம் போயிருக்கிறது. 2002இன் விழுக்காட்டை மட்டும் ஈடுகட்டி நூறுக்குத் திரும்பவே 78 சதவீதத்துக்கும் மேலான லாபம் தேவைப்பட்டிருக்கும்.

இரண்டு எண்களுக்கும் இரண்டு பெயர் இருக்கிறது. வருடங்களின் சதவீதங்களைக் கூட்டிப் பிரிப்பது சராசரி ஆண்டு வருமானம். தொடக்கத் தொகை ஒவ்வொரு வருடமும் ஒரே வேகத்தில் வளர்ந்து இறுதித் தொகையை அடைந்திருந்தால் அந்த வேகம் என்னவாக இருந்திருக்கும் என்று சொல்வது கூட்டு ஆண்டு வளர்ச்சி வீதம், அதாவது சி.ஏ.ஜி.ஆர். அதற்கு இடையில் உள்ள வருடங்களே தேவையில்லை. தொடக்கம், முடிவு, எத்தனை வருடம் என்ற மூன்றும் போதும். ஜெர்மன் மொழி எக்செலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம்:

```
=MITTELWERT(B2:B11)
=ZSATZINVEST(10;6958,14;5957,43)
```

முதலாவது 2.80 சதவீதம் தரும். இரண்டாவது −1.54 சதவீதம் தரும். அப்பாவின் கேள்விக்குப் பதில் இரண்டாவது வரியில் இருக்கிறது.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிதாகும் என்பது ஆட்டத்தைப் பொறுத்தது. 100 யூரோ ஒரு வருடம் 10 சதவீதம் ஏறி அடுத்த வருடம் 10 சதவீதம் இறங்கினால் 99. இருபது ஏறி இருபது இறங்கினால் 96. நாற்பது ஏறி நாற்பது இறங்கினால் 84. மூன்றிலும் சராசரி பூச்சியம்தான். ஆனால் இழந்தது 1, 4, 16. ஆட்டம் இரட்டிக்கும்போது இழப்பு நான்கு மடங்காகிறது. முதலில் ஏறினாலும் முதலில் இறங்கினாலும் விடை மாறாது, ஏனென்றால் பெருக்கலில் வரிசை முக்கியமில்லை.

கைப்பேசிச் செயலிகளில் "இரண்டு மடங்கு" என்று விற்கப்படும் நிதிகளை வாங்க யோசிப்பவர்கள் இந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். அவை குறியீட்டின் ஒவ்வொரு நாளின் அசைவையும் இரட்டிக்கின்றன. ஒரு நாள் 10 ஏறி மறுநாள் 10 இறங்கிய குறியீடு 99இல் நிற்கும்போது இரண்டு மடங்கு நிதி 98இல் இல்லை, 96இல் நிற்கும்.

இதை மனக்கணக்காகச் செய்ய ஒரு குறுக்கு வழி உண்டு. வருட வருமானங்களின் நியம விலகலை எடுத்து, அதை வர்க்கித்து, பாதியாக்கி, சராசரியிலிருந்து கழித்தால் கூட்டு வளர்ச்சிக்குக் கிட்டவாக வரும். அப்பாவின் பத்து வருடத்தில் நியம விலகல் ஏறத்தாழ 27.6 சதவீதம். 0.276இன் வர்க்கத்தில் பாதி 0.038, அதாவது 3.8 சதவீதம். 2.8இலிருந்து 3.8 போனால் மைனஸ் ஒன்று. உண்மையான விடை மைனஸ் 1.54. ஒரு வருடத்தில் நாற்பது சதவீதம் விழும் சந்தையில் இந்தக் குறுக்கு வழி கொஞ்சம் நம்பிக்கையாகவே பேசிவிடும். ஆட்டம் சிறிதானால் நன்றாகவே பொருந்தும்.

அப்படியென்றால் சராசரி வீண் எண்ணா? இல்லை. "வரப்போகும் ஒரு வருடத்துக்கு மட்டும் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?" என்று கேட்டால் கூட்டல் சராசரிதான் பொருத்தமானது. அதைப் பல வருடங்களுக்கு இழுத்து, "பத்து வருடத்தில் இவ்வளவு இருக்கும்" என்று சொல்லும்போதுதான் அது கூடுதலாகக் காட்டுகிறது.

கூட்டு வளர்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. உங்களில் பலருக்கு அது நேரடியாகப் பொருந்தும். சி.ஏ.ஜி.ஆர். ஒரேயடியாகப் போட்ட தொகைக்கான கணக்கு. நீங்களோ பெரும்பாலும் ஸ்பார்பிளான் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறீர்கள். அப்பா 1999 முடிவிலிருந்து 2008 முடிவு வரை, ஒவ்வொரு வருடக் கடைசியிலும் 1000 யூரோ போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பிறகு ஒருநாள் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 10 000 யூரோ. 2009 முடிவில், கட்டணம் இல்லாமல், ஏறத்தாழ 11 880 யூரோ. அதே குறியீடு, அதே பத்து வருடம், ஆனால் லாபம். 2002 முடிவில் போட்ட ஆயிரம் மட்டும் இரண்டாயிரத்தைத் தாண்டியிருக்கிறது, ஏனென்றால் அது 2892 புள்ளியில் மலிவாக வாங்கியது. இப்படிக் காசு வெவ்வேறு நாளில் உள்ளே போகும்போது வரிசை முக்கியமாகிவிடுகிறது. இங்கே பார்க்க வேண்டியது உள்ளக வருமான வீதம். எக்செலில் திகதிகளையும் தொகைகளையும் கொடுத்தால் `XINTZINSFUSS` கணக்கிட்டுத் தரும். மேலே சொன்ன கணக்குக்கு அது ஆண்டுக்கு ஏறத்தாழ 3.1 சதவீதம்.

ஒன்றைக் கவனியுங்கள். 2.8, −1.54, 3.1 என்ற மூன்று எண்களும் ஒரே சந்தையின் ஒரே பத்து வருடத்திலிருந்து வந்தவை. மூன்றும் சரியான கணக்கு. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில்.

ஆகவே இனி அப்படி ஒரு படம் கைக்கு வந்தால், கீழே உள்ள எண்ணுக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "p.a." என்றிருந்தால் அது பெரும்பாலும் கூட்டு வளர்ச்சியாக இருக்கும். "Ø" குறி மட்டும் இருந்தால் எதுவாகவும் இருக்கலாம். சந்தேகமென்றால் அனுப்பியவரிடம் தொடக்கப் பெறுமதியையும் இறுதிப் பெறுமதியையும் கேளுங்கள். அவர் அவற்றைத் தராமல் வருடக் கம்பிகளை மட்டும் தந்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்றோடு அந்த வருமானத்தைக் கூட்டி, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்குங்கள். மைனஸ் 20 என்றால் 0.80, பிளஸ் 15 என்றால் 1.15. கடைசியில் வரும் எண் ஒன்றைவிடக் குறைவாக இருந்தால், மேலே எவ்வளவு வடிவான சராசரி எழுதியிருந்தாலும், ஒரேயடியாகப் போட்டவர் நட்டப்பட்டிருக்கிறார்.